பணத்தை முதலில் கொடு, வழக்கை அப்புறம் பேசு

2007 அக்டோபரில் பிரிட்டனின் வரித்துறை இரண்டு குறுந்தகடுகளைத் தொலைத்தது. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. வங்கிக் கணக்கு எண்களும் அதில் அடக்கம். நாடே பதறிக்கொண்டிருந்தபோது, கார் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஜெரமி கிளார்க்ஸன் மட்டும் இது வெட்டிக் கூச்சல் என்றார். கணக்கு எண் தெரிந்தால் பணம் போடலாமே ஒழிய எடுக்க முடியாது என்று வாதிட்டு, தன் சொந்தக் கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையைக் குறிக்கும் சார்ட் கோடையும் ‘தி சன்’ நாளிதழில் அச்சிட்டே காட்டிவிட்டார்.

2008 ஜனவரியில் அவர் தன் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது 500 பவுண்டு போயிருந்தது. யாரோ ஒரு குறும்பர் அந்த எண்களைக் கொண்டு, ‘டயபிட்டீஸ் யூகே’ என்ற அறக்கட்டளைக்கு அவர் பெயரில் டைரக்ட் டெபிட் ஏற்படுத்தியிருந்தார். கிளார்க்ஸன் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதினார். ஊர் சிரித்தது.

சிரிப்பில் விட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. இப்படிக் கையெழுத்தே இல்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழிவிடும் அதே ஏற்பாடு, எடுத்த பணத்தை அப்படியே திரும்ப வாங்கவும் ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்காக அறக்கட்டளையின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. தன் வங்கியிடம் கேட்டால் போதும். இந்த வழிக்கு டைரக்ட் டெபிட் இன்டெம்னிட்டி கிளெய்ம் என்று பெயர். பிரிட்டனில் வாழும் பலருக்கு, அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் நம்மவர்கள் உட்பட, இந்தப் பெயர் தெரியாது. வங்கியின் தொலைபேசியில் பேசும் ஊழியர்களில் சிலருக்கும் தெரிவதில்லை என்பதுதான் சங்கடம்.

நம் ஊரில் வீட்டுக்கடன் தவணையை மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வதைப் போன்றதுதான் டைரக்ட் டெபிட். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி, நகராட்சி வரி, காப்பீடு என்று பிரிட்டனில் பெரும்பாலான மாதாந்திரக் கட்டணங்கள் இப்படித்தான் போகின்றன. ஆண்டுக்கு 400 கோடிக்கும் மேற்பட்ட முறை இப்படிப் பணம் எடுக்கப்படுகிறது. இதில் பணத்தை அனுப்புவது வாடிக்கையாளர் அல்ல, நிறுவனம்தான் இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதையும் நிறுவனமே நிர்ணயிக்கிறது.

இந்த யோசனை பிறந்தது 1964-ல். யூனிலீவர் நிறுவனத்தில் இருந்த டென்னிஸ் கிளாட்வெல், ஐஸ்கிரீம் விற்பவர்களிடமிருந்து வரவேண்டிய பணத்தைச் சிரமமில்லாமல் வசூலிக்க இதை உருவாக்கினார். கடைக்காரர்களிடம் வசூலிக்கப் பிறந்த முறை பிறகு வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. தன் கணக்கில் அடுத்தவர் கைவிட ஒரு சாதாரண மனிதர் எளிதில் சம்மதிப்பாரா? சம்மதிக்க வைக்கத்தான் வங்கிகள் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தன. டைரக்ட் டெபிட் கேரண்டி என்ற அந்த வாக்குறுதி, எந்தப் படிவத்தை எடுத்தாலும் அடியில் ஒரு சிறு பெட்டிக்குள் அச்சாகியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

படித்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். எடுக்கும் தொகையோ தேதியோ மாறினால், நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதுவாகப் பத்து வேலைநாள். வேறு கால அளவுக்கு வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டிருந்தால் அதன்படி. இரண்டாவது, டைரக்ட் டெபிட்டை வங்கியிடம் சொல்லி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். மூன்றாவதுதான் முக்கியம். பணம் எடுத்ததில் பிழை நேர்ந்தால், அது நிறுவனத்தின் பிழையானாலும் வங்கியின் பிழையானாலும், முழுத் தொகையையும் உடனடியாகத் திருப்பிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அதுவும் தன் வங்கியிடமே.

தான் செய்யாத தவறுக்கு வங்கி ஏன் பணம் கொடுக்கிறது? இங்கேதான் இன்டெம்னிட்டி வருகிறது. ஒரு நிறுவனம் டைரக்ட் டெபிட் வசூலிக்க வேண்டுமானால், ஏதாவது ஒரு வங்கி அதற்குப் பொறுப்பேற்று முறைக்குள் அழைத்து வர வேண்டும். உள்ளே வரும்போதே நிறுவனம் ஓர் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறது: என் வசூலால் எந்த வங்கிக்கு நஷ்டம் வந்தாலும் நான் ஈடுகட்டுகிறேன். அந்தப் பத்திரம் இருப்பதால் வாடிக்கையாளரின் வங்கி தைரியமாக முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நிறுவனம் திவாலாகிவிட்டால் சுமை அதை அழைத்து வந்த வங்கியின் தலையில் விழும். புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனங்களுக்கு டைரக்ட் டெபிட் வசதி தர வங்கிகள் தயங்குவதும், தரும்போது முன்பணம் கேட்பதும் இதனால்தான்.

ஓர் உதாரணத்தை முழுக்க நடத்திப் பார்க்கலாம். லண்டனில் ஈஸ்ட் ஹாமில் ஒரு குடும்பம் வசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரக் கட்டணமாக மாதம் 118 பவுண்டு, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி எடுக்கப்படும் என்று நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. 2025 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை காலையில் கைப்பேசியைத் திறந்தால் 1,180 பவுண்டு போயிருக்கிறது. எங்கோ ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. வீட்டு வாடகை மறுநாள் போக வேண்டும்; கணக்கில் மிச்சம் ஒன்றுமில்லை.

இந்த 1,180 திடீரென்று அன்று காலையில் பறந்ததல்ல. பிரிட்டனில் இந்த வசூலெல்லாம் பேக்ஸ் என்ற அமைப்பின் வழியே போகின்றன. அது மூன்று நாள் சுற்று. நிறுவனம் வெள்ளிக்கிழமை 27-ஆம் தேதி பட்டியலை அனுப்பியிருக்கும். திங்கட்கிழமை அது வங்கிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை விடியும்போது நிறுவனத்தின் கணக்கில் வரவும் குடும்பத்தின் கணக்கில் பற்றும் ஒரே நேரத்தில் விழுகின்றன. இடையில் எந்த மனிதரும் தொகையைப் பார்ப்பதில்லை. கடிதத்தில் இருக்கும் 118-ஐயும் பட்டியலில் இருக்கும் 1,180-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க வங்கியிடம் கடிதமே கிடையாது.

அந்தக் குடும்பத் தலைவி முதலில் மின்சார நிறுவனத்தை அழைக்கிறார். எல்லாரும் செய்வது அதுதான். அரைமணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு குரல் வந்து, தவறு நடந்திருக்கலாம், பார்க்கிறோம், கூடுதல் தொகை உங்கள் மின்கணக்கில் வரவாக இருக்கும், அடுத்த மாதங்களில் கழித்துக்கொள்கிறோம் என்கிறது. அதாவது அவருடைய வாடகைப் பணம் இனி ஒன்பது மாதத்துக்கு மின்சாரமாகத் திரும்பி வரும்.

அவர் செய்ய வேண்டியது வங்கியை அழைப்பது. என்ன சொல்லி அழைக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். ‘மோசடி நடந்துவிட்டது’ என்றால் அழைப்பு மோசடிப் பிரிவுக்குப் போகும். அங்கே கணக்கையே முடக்கிவிடக்கூடும். ‘ஒரு நிறுவனத்தோடு தகராறு’ என்றால், அவர்களிடமே பேசுங்கள் என்ற பதில் வரும். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: டைரக்ட் டெபிட் கேரண்டியின் கீழ் இன்டெம்னிட்டி கிளெய்ம் போட வேண்டும். பல வங்கிகளின் செயலியிலேயே அந்த வரவுசெலவு வரியைத் தொட்டு இதைக் கேட்கும் வசதியும் இப்போது இருக்கிறது. வங்கி ஊழியர் நிறுவனத்தின் பெயர், தேதி, தொகை ஆகியவற்றை உறுதி செய்துகொண்டு, காரணம் கேட்பார்.

அந்தக் காரணத்துக்கு ஒரு எண் உண்டு. ஒன்று முதல் எட்டு வரை. ஊழியர் திரையில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தெரிவித்த தொகையோ தேதியோ வேறு, எடுத்தது வேறு என்றால் எண் 1. முன்னறிவிப்பே வரவில்லை என்றால் 2. வங்கியிடம் ரத்து செய்த பிறகும் எடுத்தால் 3. நிறுவனத்திடம் ரத்து செய்த பிறகும் எடுத்தால் 4. நான் அனுமதியே கொடுக்கவில்லை என்பது 5. கையெழுத்து என்னுடையதல்ல என்பது 6. எட்டாவது எண், யார் இந்த நிறுவனம் என்றே எனக்குத் தெரியாது என்பவர்களுக்கு. ஏழு மட்டும் நிறுவனமே கேட்டுக்கொண்டு போடச் சொல்வது. கிளார்க்ஸன் விவகாரம் போன்றவை ஐந்திலோ எட்டிலோ விழும். ஈஸ்ட் ஹாம் குடும்பத்துடையது சந்தேகமில்லாமல் ஒன்று. 118 என்று எழுதிய கடிதம் கையில் இருக்கிறது.

பணம் பெரும்பாலும் அன்றே கணக்குக்கு வந்துவிடும். கேரண்டியின் சொல் ‘உடனடியாக’ என்பதுதான். விசாரித்து முடித்த பிறகு என்று அதில் இல்லை. திரும்புவது கூடுதலாகப் போன 1,062 பவுண்டு அல்ல, எடுத்த 1,180 முழுவதும். உண்மையில் செலுத்த வேண்டிய 118 இன்னும் பாக்கிதான். அதைத் தனியாகக் கட்ட வேண்டும்.

இதற்குப் பிறகு நடப்பதை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. வங்கி அனுப்பும் கிளெய்ம் மின்வழியாக நிறுவனத்தின் மேசைக்குப் போகிறது. எந்தக் கணக்கு, எந்த வசூல், எந்தக் காரண எண் என்ற விவரத்தோடு. அன்றிலிருந்து பதினான்கு வேலைநாள் கெடு. ஜூலை 1-ல் போட்டால் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை. அன்று நிறுவனத்தின் கணக்கிலிருந்து 1,180 பவுண்டு தானாகவே எடுக்கப்பட்டு வாடிக்கையாளரின் வங்கிக்குப் போய்விடும். நிறுவனத்தின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் கணக்கில் கைவிட்டவரின் கணக்கில் இப்போது கைவிடப்படுகிறது. இந்த முறையை வடிவமைத்தவர்களுக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினான்கு நாளுக்குள் நிறுவனம் எதிர்வாதம் வைக்கலாம். முன்னறிவிப்பு வரவில்லை என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தால், இதோ தேதியிட்ட கடிதத்தின் நகல் என்று காட்டலாம். அனுமதியே இல்லை என்றிருந்தால், கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டலாம். ஆதாரம் பொருந்தினால் கிளெய்ம் திரும்பப் பெறப்படும். ஆனால் ‘அவர் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்’ என்பது இங்கே பதிலாகாது. எடுத்த விதம் சரியா என்பது மட்டுமே கேள்வி. கடன் இருக்கிறதா என்பது வேறு வழக்கு. இதைப் புரியாமல் தவிக்கும் நிறுவனங்கள் நிறைய.

வாடிக்கையாளர் பக்கத்திலும் இதே குழப்பம் மறுதலையாக நடக்கிறது. இன்டெம்னிட்டி கிளெய்மை எல்லாப் புகாருக்கும் மருந்தாக நினைப்பவர்கள் உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் இயந்திரங்கள் பழுது, இணையம் மெதுவாக வருகிறது, காப்பீடு உதவவில்லை என்பதெல்லாம் ஒப்பந்தத் தகராறுகள். சொன்ன தொகையைச் சொன்ன தேதியில் எடுத்திருந்தால் அந்த வசூலில் பிழை இல்லை. 2022-ல் எரிசக்தி விலை எகிறியபோது இது பெரிய அளவில் தெரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் மாதத் தொகை இரட்டிப்புக்கும் மேலாக உயர்ந்ததாக ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் கண்டறிந்து, நிறுவனங்களின் கணக்கிடும் முறையைக் கண்டித்தது. கோபம் நியாயமானது. ஆனால் முறையாக அறிவித்துவிட்டு உயர்த்தியிருந்தால் கேரண்டி அதற்குக் கைகொடுக்காது. அந்தச் சண்டையை நிறுவனத்தோடும், அது முடியாதபோது எரிசக்திக்கான குறைதீர்ப்பாளரோடும்தான் நடத்த வேண்டும்.

தகுதியில்லாமல் பணத்தைத் திரும்பப் பெற்றால், நிறுவனம் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்றும் அந்தச் சிறு பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஓராண்டு முழுக்க ஒரு சேவையைப் பயன்படுத்திவிட்டு, கடைசியில் அத்தனை மாதத் தொகைக்கும் கிளெய்ம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கி கொடுத்துவிடலாம். பிறகு நிறுவனம் கவுன்ட்டி நீதிமன்றத்துக்குப் போனால், கடனோடு வழக்குச் செலவும் சேரும். நிறுவனமும் வங்கியும் தனித்தனியே திருப்பிக் கொடுத்து இரட்டிப்பாக வந்துவிடுவதும் நடப்பதுண்டு. அதில் ஒன்று நம்முடையதல்ல.

இன்னொரு குழி, கார்டு. உடற்பயிற்சிக் கூடங்களும் திரைப்படச் சந்தாக்களும் சில சமயம் டைரக்ட் டெபிட்டே எடுப்பதில்லை. வாடிக்கையாளர் கொடுத்த கார்டின் பதினாறு இலக்க எண்ணைக் கொண்டு மாதாமாதம் எடுக்கின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கார்டுக்கு இந்தக் கேரண்டி கிடையாது; அதற்குச் சார்ஜ்பேக் என்ற வேறு வழி, வேறு விதிகள், கால வரம்புகள். கண்டுபிடிப்பது எளிது. சேரும்போது சார்ட் கோடும் கணக்கு எண்ணும் கொடுத்திருந்தால் டைரக்ட் டெபிட். வங்கி அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே பெரும்பாலும் DD என்று இருக்கும். நீங்களே தொகையை நிர்ணயித்து அனுப்பும் நிலை உத்தரவு, அதாவது ஸ்டாண்டிங் ஆர்டர், இதில் சேராது.

ரத்து செய்வது பற்றியும் ஒரு தெளிவு தேவை. கிளெய்ம் போடுவதால் டைரக்ட் டெபிட் ரத்தாகிவிடாது. அடுத்த மாதம் அதே நிறுவனம் அதே உரிமையோடு மீண்டும் எடுக்கலாம். வேண்டாம் என்றால் ரத்து செய்யும்படி வங்கியிடம் தனியே சொல்ல வேண்டும். அப்படி ரத்து செய்த பிறகும் சில நிறுவனங்கள் புதிய அனுமதியை மின்வழியாகப் பதிவு செய்து மறுபடி எடுத்துவிடுகின்றன. கையெழுத்தில்லா முறையில் நிறுவனம் தட்டச்சு செய்து அனுப்புவதுதானே அனுமதி. கிளார்க்ஸனைச் சறுக்கிய ஓட்டையும் அதுவே. அதே சமயம், டைரக்ட் டெபிட்டை ரத்து செய்வதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தங்களை நிர்வகித்த ஆஷ்போர்ன் என்ற நிறுவனம் 2011-ல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. நின்றுவிட்டவர்களிடமும் மீதி மாதங்களுக்கான பணத்தைக் கேட்டு, கடன் மதிப்பெண்ணில் கைவைப்போம் என்று அது மிரட்டிவந்தது. நீண்ட கட்டாயக் காலம் விதிக்கும் அந்த ஒப்பந்தங்கள் பல நியாயமற்றவை என்று நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்ல ஒரு வழக்கு தேவைப்பட்டது; டைரக்ட் டெபிட்டை நிறுத்தியதால் மட்டும் யாருக்கும் விடுதலை கிடைத்துவிடவில்லை.

நடைமுறையில் அதிகம் சிக்கல் தருவது வங்கியின் முதல் பதில்தான். முதலில் நிறுவனத்திடம் பேசுங்கள் என்பார்கள். கேரண்டியில் அப்படி நிபந்தனை இல்லை. எட்டு வாரம் தாண்டிவிட்டது, பதின்மூன்று மாதம் தாண்டிவிட்டது என்பார்கள். இந்த எண்கள் கற்பனையல்ல; 2017-ஆம் ஆண்டின் பணச்சேவை விதிமுறைகளில் இருப்பவை. ஆனால் கேரண்டி அந்தச் சட்டத்துக்கும் மேலே வங்கிகள் தாமே கொடுத்த வாக்குறுதி. அதில் கால வரம்பு கிடையாது. ஐந்து ஆண்டுக்கு முன் மூடிய தொலைபேசி இணைப்புக்கு இன்றுவரை பணம் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தால், ஒவ்வொரு மாதமும் எடுத்ததைத் தேதிவாரியாக எழுதிக் கேட்கலாம். இணைப்பை மூடிய மின்னஞ்சலும் பழைய வங்கி அறிக்கைகளும் கையில் இருந்தால் வேலை சுலபம்.

அப்படியும் வங்கி மறுத்தால், இதை முறையான புகாராகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பணப் பரிமாற்றம் பற்றிய புகாருக்கு வங்கி பதினைந்து வேலைநாளுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். விதிவிலக்கான சூழலில் முப்பத்தைந்து வரை போகலாம். அந்தப் பதில் திருப்தியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லாமல். புகார் என்ற சொல்லைக் கேட்டதுமே முதல் பதில் மாறிவிடுவதும் உண்டு. ஊழியருக்குத் தெரியாதது மேலதிகாரிக்குத் தெரிந்திருக்கும்.

ஈஸ்ட் ஹாம் குடும்பத்துக்கு மிச்சம் ஒரு கணக்கு இருக்கிறது. 1,180 போனதால் அன்று காலையில் இன்னொரு கட்டணம் திரும்பிப்போய், ஓவர்டிராஃப்ட் வட்டியும் விழுந்திருந்தால், அது தானாக வராது. கேரண்டி பேசுவது எடுத்த தொகையை மட்டும். வட்டியைத் திருப்பித் தரும்படி வங்கியிடம் அதே அழைப்பில் கேட்கலாம். மற்ற நஷ்டத்தை ரசீதோடு மின்சார நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். கூடவே, பாக்கி 118 பவுண்டை எப்படிக் கட்டுவது என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஜூலை 21-க்குப் பிறகு நிறுவனத்தின் கணினி அவர்களைக் கட்டணம் செலுத்தாதவர்கள் பட்டியலில் சேர்த்து நினைவூட்டல் கடிதம் அச்சிட்டு அனுப்பும்.